ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும்: தேதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி பிறந்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலானவை சடங்கைப் பற்றியவை அல்ல, தேதியைப் பற்றியவை. அதனால் கணக்குக்கே இங்கே கூடுதல் இடம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு ரெண்டுமே ஆத்துக்குப் போய்க் குளிக்கிற நாள்தானே, ஒண்ணுதானா?

இல்லை. ஆடிப்பெருக்கு என்பது ஆடி மாதம் 18-ஆம் தேதி. பதினெட்டாம் பெருக்கு என்ற பெயரிலேயே தேதி இருக்கிறது. சூரியனை வைத்து மாதம் பிறந்து, அதிலிருந்து 18 வரை எண்ணினால் கிடைக்கும் நாள் அது. திதி, நட்சத்திரம் எதுவும் அதில் இல்லை. காவிரிக் கரையில் பெருகி வரும் நீருக்குப் படையல் வைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் மங்கல நாள்.

ஆடி அமாவாசை என்பது சூரியன் கடக ராசியில் இருக்கும்போது வரும் அமாவாசைத் திதி. இறந்த முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், வேதாரண்யம், கன்னியாகுமரி போன்ற கடற்கரைகளில் அன்று கூட்டம் கூடுவது அதனால்தான். ஒன்று நாள் எண்ணிக்கை, மற்றொன்று திதி. இந்த வித்தியாசம் பிடிபட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்த மாதிரி.

ஆடிப்பெருக்கு வருஷா வருஷம் ஆகஸ்ட் 3-லயே வருதே, அப்போ அது இங்கிலீஷ் தேதியா?

ஆங்கிலத் தேதி அல்ல. ஆங்கில நாட்காட்டியும் நம் சூரிய மாதமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. அதனால் அப்படித் தெரிகிறது. ஆடி 1 ஜூலை 17-ல் பிறந்தால் ஆடி 18 ஆகஸ்ட் 3. ஜூலை 16-ல் பிறந்தால் ஆகஸ்ட் 2. எண்ணும்போது பிறந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஜூலை 17-உடன் 18-ஐக் கூட்டி ஆகஸ்ட் 4 என்று சொல்லிவிடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். கூட்ட வேண்டியது 17-தான்.

2016, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2-ல் வந்தது. 2021 முதல் தினக் காலண்டர்களில் ஆகஸ்ட் 3-தான். அது ஏன் மாறியது என்பதற்கு அடுத்த பதிலைப் பார்க்க வேண்டும்.

சரி, ஆடி 1 எந்த நாள்னு யார் எப்படி முடிவு பண்றாங்க?

சூரியன் மிதுன ராசியிலிருந்து கடக ராசிக்குள் நுழையும் நொடிக்குச் சங்கிரமணம் என்று பெயர். அது பகலிலும் நடக்கும், நள்ளிரவிலும் நடக்கும். தமிழ்நாட்டு விதி எளிமையானது: அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு, அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள்.

பழைய மரபுக் கணக்கில் வரும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு நீளம் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. அதனால் சங்கிரமணம் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 6 மணி 12 நிமிடம் தள்ளிப் போகும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29 அதை 24 மணி பின்னுக்கு இழுக்கும். மிச்சம் நிற்பது நான்கு ஆண்டுக்கு 50 நிமிடம். 2020-ல் சங்கிரமணம் ஜூலை 16 மாலை சுமார் 6 மணிக்கு நடந்தது. சூரியன் இன்னும் மறையவில்லை, அன்றே ஆடி 1. 2024-ல் அதே ஜூலை 16, ஆனால் 50 நிமிடம் தள்ளி ஏறக்குறைய 6.50. தமிழ்நாட்டில் ஜூலை நடுவில் அஸ்தமனம் 6.40-ஐ ஒட்டி. சூரியன் மறைந்துவிட்டதால் மாதம் மறுநாள் பிறந்தது. பெருக்கு ஆகஸ்ட் 3-க்குப் போனது.

அடுத்த ஆண்டுகளையும் பார்த்துவிடலாம். 2025-ல் ஜூலை 17 நள்ளிரவு தாண்டி 1 மணி வாக்கில், 2026-ல் அன்று காலை 7 மணி வாக்கில், 2027-ல் பகல் 1.25 வாக்கில், 2028-ல் மறுபடி ஜூலை 16 இரவு 7.40 வாக்கில். எல்லாமே ஜூலை 17-ல் மாதம் பிறக்கும் நேரங்கள். ஆகவே வாக்கியக் கணக்கில் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஆகஸ்ட் 3 அசையாது.

2024-ல போன்ல இருக்கிற பஞ்சாங்கம் ஆகஸ்ட் 2-ன்னு காட்டிச்சு, சுவத்துக் காலண்டர் 3-ன்னு சொல்லிச்சு. எது தப்பு?

இரண்டும் தப்பில்லை, கணக்கு வேறு. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு சூரியனின் இடத்தைக் கணிக்கிறது. அதன்படி 2024-ல் சூரியன் கடகத்தில் நுழைந்தது ஜூலை 16 முற்பகல் 11.30 அளவில். வாக்கியப்படி அதே நாள் மாலை, அஸ்தமனம் கழிந்து. ஏழு மணி நேர வித்தியாசம்தான், ஆனால் நடுவில் அஸ்தமனக் கோடு விழுந்துவிட்டது. ஒன்றில் ஆடி 1 ஜூலை 16, மற்றொன்றில் ஜூலை 17.

இங்கே மூன்றாவதாக ஒரு விதியும் உண்டு. கேரளத்தில் கோடு அஸ்தமனம் அல்ல, பகலின் ஐந்தில் மூன்று பங்கு முடியும் நேரம், அதாவது ஜூலை நடுவில் மதியம் 1.45-ஐ ஒட்டி. 2024-ல் அங்கே கர்க்கடகம் 1 ஜூலை 16. நாகர்கோவில் பக்கத்தில் ‘இன்னைக்குத் தேதி என்ன’ என்று இரண்டு வீட்டில் கேட்டு இரண்டு பதில் கிடைத்தால் திகைக்க வேண்டாம்.

எதை எடுப்பது? ஆடிப்பெருக்கு ஊர் கூடிச் செய்வது. பவானி கூடுதுறையிலோ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலோ ஊரே இறங்கும் நாளை விட்டுவிட்டு முந்தின நாள் தனியாகப் போய்ப் படைப்பதில் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் பொது வழக்கு பெரும்பாலும் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறது. 2028-லும் இதே குழப்பம் வரும். இப்போதே குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஆத்துல தண்ணி வராத வருஷம் பெருக்கு தேதியைத் தள்ளி வைக்கலாமா?

தள்ளுவதில்லை. தேதி நீர்மட்டத்தைப் பார்த்து வந்ததல்ல. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் வலுக்கும் காலம் சூரியனின் ஓட்டத்தோடு கட்டுண்டது. அந்த நீர் சமவெளிக்கு இறங்கும் காலத்தில் ஆடி 18 விழுகிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதும் அதே கணக்கு. சந்திரத் திதியை வைத்திருந்தால் நாள் ஒரு மாத அகலத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும், உழவனுக்கு உதவாது.

மேட்டூர் அணை 1934-ல் வந்தபின் டெல்டாவுக்கு நீர் வருவது அணை திறப்பைப் பொறுத்ததாகிவிட்டது. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12, இருப்பு இல்லாத ஆண்டில் அது தள்ளிப்போகும். அப்படிப்பட்ட ஆண்டில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியோ, ஆழ்குழாய் நீரிலோ படைப்பார்கள். வீட்டில் என்றால் செம்பு நிறைய நீர் எடுத்து மஞ்சள் கரைத்து, பூப்போட்டு, அதைக் காவிரியாகப் பாவித்துப் படைத்து, பின் செடிக்கு ஊற்றிவிடலாம்.

பெருக்குக்கு முளைப்பாரி எப்ப போடணும்? போன தடவை சாய்ஞ்சு போச்சு.

சாய்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தேதிதான். ஆடி 18-க்கு ஒன்பது நாள் முன்னதாக, ஆடி 9-ல் விதைப்பது சரியான கணக்கு. ஆடி 1 ஜூலை 17 என்றால் ஆடி 9 ஜூலை 25. ஆடி முதல் வெள்ளியன்றே போட்டுவிட்டால் சில ஆண்டுகளில் பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிடும். வெளிச்சம் படாமல் வளரும் பயிர், தண்டில் வலு இருக்காது, உயரம் கூடியதும் படுத்துவிடும்.

தானியத்தை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். ஒரு சாண் அகலச் சட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும். அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து முக்கால் அளவு நிரப்பி, தானியத்தைப் பரப்பி, மேலே மெல்லிய படலமாக மண் தூவ வேண்டும். நீர் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. மூன்றாம் நாளே புளித்த வாடை வந்தால் நீர் தேங்கி விதை அழுகுகிறது என்று அர்த்தம். அப்போதே புதிதாகப் போட்டால் பாசிப்பயறு, தட்டைப்பயறு மட்டுமாவது ஆறு நாளில் எழுந்து வந்துவிடும்.

ஆடி அமாவாசை மட்டும் ஏன் ஒரு வருஷம் ஜூலை, ஒரு வருஷம் ஆகஸ்ட்னு குதிக்குது?

பன்னிரண்டு அமாவாசை சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதனால் அமாவாசை ஆண்டுதோறும் சுமார் பதினோரு நாள் முன்னால் வரும். 2023-ல் ஆகஸ்ட் 16, 2024-ல் ஆகஸ்ட் 4, 2025-ல் ஜூலை 24. இதே போக்கில் 2026-ல் ஜூலை 14 வர வேண்டும். அன்று அமாவாசை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஆடி பிறக்கவில்லை. அது ஆனி மாத அமாவாசை. ஆகவே அதற்கடுத்த ஆகஸ்ட் 12-தான் 2026-ன் ஆடி அமாவாசை. அந்தக் குதிப்பு இப்படித்தான் வருகிறது.

ஆக, நீங்களே கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் ஆடி 1-ஐ நிறுத்துங்கள், பிறகு அந்த நாளிலிருந்து மாதம் முடிவதற்குள் வரும் அமாவாசையைத் தேடுங்கள். ஆடி 31 நாளோ 32 நாளோ இருக்கும், அமாவாசைக்கு அமாவாசை இடைவெளி சராசரி 29 நாள் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அமாவாசையே இல்லாத ஆடி வராது. இரண்டு வருவது மட்டும் உண்டு. அது கீழே.

காலண்டர்ல அமாவாசை ரெண்டு நாள்லயும் போட்டிருக்கு. எந்த நாள் தர்ப்பணம்?

திதி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. சூரியனைச் சந்திரன் நெருங்கி, இடையே 12 பாகை மட்டும் மிஞ்சும்போது அமாவாசை தொடங்குகிறது. இரண்டும் ஒன்றுசேரும் நொடியில் முடிகிறது. சந்திரனின் வேகம் மாறுவதால் இது 19 மணி முதல் 26 மணி வரை நீளும். எனவே இரண்டு தேதிகளைத் தொடுவது சகஜம்.

தர்ப்பணத்துக்குப் பார்க்க வேண்டியது அபராஹ்ணம். உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அது. 2024-ஐ எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஆகஸ்ட் தொடக்கத்தில் உதயம் 5.54, அஸ்தமனம் 6.34. பகல் 760 நிமிடம், ஒரு பங்கு 152 நிமிடம். மூன்று பங்கு கழிந்து, மதியம் 1.30 முதல் 4.02 வரை அபராஹ்ணம். திருக்கணிதப்படி அமாவாசை ஆகஸ்ட் 3 பிற்பகல் 3.51-க்குத் தொடங்கி 4-ஆம் தேதி மாலை 4.43-க்கு முடிந்தது. 3-ஆம் தேதி அபராஹ்ணத்தில் அமாவாசைக்குக் கிடைத்தது பதினொரு நிமிடம். 4-ஆம் தேதி முழு நேரமும். ஆகஸ்ட் 4-தான் நாள் என்பதில் ஐயமே இல்லை.

சிக்கலான ஆண்டு 2023. ஆகஸ்ட் 15 பகல் 12.40 அளவில் தொடங்கி 16 பிற்பகல் 3.07-க்கு முடிந்தது. அபராஹ்ணம் 15-ல் முழுமையாகவும் 16-ல் பாதிக்குச் சற்று மேலும் கிடைக்கிறது. அபராஹ்ண விதியைக் கறாராகப் பிடித்தவருக்கு 15 வரும். உதயத்தில் என்ன திதி என்று பார்ப்பவருக்கு 16 வரும். கோயில்களும் கடற்கரைக் கூட்டமும் 16-ஐ எடுத்தன. இப்படிப்பட்ட ஆண்டில் உங்கள் வீட்டுப் புரோகிதர் சொல்லும் நாள் ஊரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அவர் தவறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். எந்த விதியில் நிற்கிறார் என்று கேட்டால் போதும்.

பஞ்சாங்கத்துல ‘அமாவாசை நா. 26.40’-ன்னு இருக்கு. அது மணி 26-ஆ?

மணி அல்ல, நாழிகை. அன்றைய சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி. 26 நாழிகை 624 நிமிடம், 40 விநாழிகை 16 நிமிடம், ஆக 640 நிமிடம், அதாவது 10 மணி 40 நிமிடம். உதயம் 5.58 என்றால் மாலை 4.38 வரை அமாவாசை. எழுதியிருப்பது திதி முடியும் நேரம். தொடங்கும் நேரத்துக்கு முந்தின நாள் கட்டத்தில் சதுர்த்தசி முடியும் நேரத்தைப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: 26.40-ஐ ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு, திதி முடிந்த பிறகு எள்ளோடு உட்காருவார்கள்.

2023-ல ஆடியில ரெண்டு அமாவாசை வந்துச்சே, அப்போ எது ஆடி அமாவாசை?

அந்த ஆண்டு ஜூலை 17, ஆடி 1 அன்றே ஓர் அமாவாசை. ஆகஸ்ட் 16, ஆடி 31-ல் இன்னொன்று. ஒரே சூரிய மாதத்தில் ஒரு திதி இரண்டு முறை வந்தால் பின்னதைக் கொள்வது மரபு. அதனால் ஆகஸ்ட் 16-ஐ ஆடி அமாவாசையாக எடுத்தார்கள்.

மாதந்தோறும் அமாவாசைத் தர்ப்பணம் செய்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, இரண்டிலும் செய்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செய்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூலை 17-ல் செய்துவிட்டவர் ஆகஸ்ட் 16-லும் செய்தால் குறை எதுவும் இல்லை.

அப்பா இருக்கார், அம்மா இல்லை. நான் தர்ப்பணம் பண்ணலாமா? என்னென்ன வேணும்?

தந்தை இருக்கும்போது மகன் அமாவாசைத் தர்ப்பணம் செய்வதில்லை, தந்தையே செய்வார். அன்று தாயை நினைத்துப் படையலிட்டுக் காகத்துக்குச் சோறு வைப்பதற்கும், யாருக்காவது உணவளிப்பதற்கும் தடை இல்லை. ஈழத்தில் வழக்கமே வேறு: ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்களுக்கு, தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமி. கீரிமலையில் ஆடி அமாவாசைக்குக் கூடுவது தந்தையை நினைத்துத்தான்.

ஒருவருக்கு 50 கிராம் கறுப்பு எள், ஒரு கட்டு தர்ப்பை, ஒரு பெரிய செம்பு நீர், ஒரு தாம்பாளம் போதும். எள்ளை முன்கூட்டியே கழுவி ஈரமாக வைத்துக்கொண்டால் விரலில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் நீரோடு இறங்கும். நீர் விழ வேண்டியது விரல் நுனி வழியாக அல்ல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள் தேவைப்படும். கரையில் உட்கார்ந்தபின் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் விழிப்பவர் அதிகம், முந்தின நாளே பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

ரெண்டும் ஒரே நாள்ல வந்தா கோலம் போடறதா, வேண்டாமா?

2016 ஆகஸ்ட் 2-ல் அப்படித்தான் வந்தது. அமாவாசையன்று தர்ப்பணம் முடியும்வரை வாசலில் கோலம் இடாத வீடுகளில் அன்று முதலில் முன்னோர் காரியம், பிறகு பெருக்கு. மதியத்துக்குள் தர்ப்பணமும் படையலும் முடித்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, மாலையில் காப்பரிசியும் கலந்த சாதமும் வைத்து ஆற்றுக்குப் படைக்கலாம். இரண்டு சமையலையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. காப்பரிசிக்கு அரைக் கிலோ பச்சரிசி ஊறவைத்தால் கால் கிலோ வெல்லம் கணக்கு. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் உலர்த்திக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் வெல்லம் இளகி ஓடும்.

2027-ல் அமாவாசை ஆகஸ்ட் 2, பெருக்கு ஆகஸ்ட் 3. அடுத்தடுத்த நாட்கள் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நாங்க நியூயார்க்ல இருக்கோம். ஊர்ல என்னிக்கோ அன்னிக்கே செய்யலாமா?

பெருக்குக்குச் செய்யலாம், ஊர்த் தேதியை அப்படியே எடுங்கள். அமாவாசைக்கு அது சரிவராது. திதி தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுவதற்கும் ஒரே நொடி, கடிகாரம்தான் வேறு. உங்கள் நேரத்துக்கு மாற்றி, உங்கள் ஊர் அபராஹ்ணத்தோடு ஒப்பிட வேண்டும்.

2026-ஐ வைத்துப் பார்ப்போம். இந்திய நேரப்படி அமாவாசை ஆகஸ்ட் 12 அதிகாலை சுமார் 1.52 முதல் இரவு 11.06 வரை. கோடையில் நியூயார்க் ஒன்பதரை மணி நேரம் பின்னால். ஆக அங்கே ஆகஸ்ட் 11 மாலை 4.22 முதல் 12 பகல் 1.36 வரை. அங்கே உதயம் 6 மணியை ஒட்டி, அஸ்தமனம் 8 மணியை ஒட்டி. அபராஹ்ணம் சுமார் 2.25 முதல் 5.10 வரை. 12-ஆம் தேதி அபராஹ்ணம் தொடங்கும் முன்பே திதி முடிந்துவிடுகிறது. 11-ஆம் தேதி முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. விதிப்படி அங்கே ஆகஸ்ட் 11, ஊரில் ஆகஸ்ட் 12.

2026 ஆடி அமாவாசை அன்னிக்குச் சூரிய கிரகணமாமே, கோயில் நடை சாத்துவாங்களா?

ஆகஸ்ட் 12 அன்று முழுச் சூரிய கிரகணம் உண்டு. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் தெரியும். சூரியனும் சந்திரனும் சேர்வது நமக்கு இரவு 11.06, மேலே சொன்ன திதி முடியும் அதே நேரம். சூரியனே இல்லாத இரவில் இந்தியாவில் கிரகணம் தெரியாது. தெரியாத கிரகணத்துக்கு நடை சாத்துவதோ தனித் தர்ப்பணமோ வழக்கம் இல்லை. வழக்கமான அமாவாசைத் தர்ப்பணத்தைப் பகலில் செய்தால் போதும்.